கடை நமக்குத் தர வேண்டிய பாக்கி

2016 டிசம்பர் 1 அன்று கனடாவில் 'ஏர் மைல்ஸ்' என்ற பாயின்ட் திட்டத்தை நடத்திவந்த லாயல்டிஒன் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பழைய பாயின்ட்டுகள் அந்த மாதம் 31ஆம் தேதியோடு செல்லாமல் போக வேண்டும். அந்த விதியை எடுத்துவிட்டோம், யாருடைய பாயின்ட்டும் காலாவதியாகாது என்றது அறிவிப்பு. அன்று யாருக்கும் புதிதாக ஒரு பாயின்ட்கூடத் தரப்படவில்லை. கஜானாவிலிருந்து ஒரு டாலரும் வெளியே போகவில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, லாயல்டிஒன்னின் தாய் நிறுவனமான அலையன்ஸ் டேட்டா சிஸ்டம்ஸ் சுமார் 24 கோடி அமெரிக்க டாலரைத் தன் கணக்கில் இழப்பாக ஏற்க வேண்டிவந்தது.

ஒரு விதியை நீக்கியதற்கா இத்தனை பணம்? அந்தப் பணம் அதற்கு முன்பு எங்கே இருந்தது? துணிக்கடையில் பில் போடும்போது கைபேசி எண்ணைக் கேட்டு, "உங்க அக்கவுன்ட்ல 140 பாயின்ட் இருக்கு சார்" என்று சொல்கிறார்களே, அந்த 140 பாயின்ட் கடையின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

பாதி விற்ற சரக்கு

தெருமுனை மளிகைக்கடையின் பாக்கி நோட்டில் நம் பெயர் இருந்தால், நாம் கடைக்குத் தர வேண்டியது அதில் எழுதியிருக்கும். பாயின்ட் என்பது அந்த நோட்டைத் திருப்பிப் பிடித்தது போல: கடை நமக்குத் தர வேண்டியது அதில் இருக்கிறது. பாயின்ட்டை இலவசம் என்று விளம்பரம் சொன்னாலும் கணக்கியல் அப்படிப் பார்ப்பதில்லை. பாயின்ட் கிடைக்கும் என்று தெரிந்துதான் நாம் அந்தக் கடைக்குப் போகிறோம், அந்த விலையைக் கொடுக்கிறோம். ஆகவே நாம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இன்றைய சட்டைக்கு. இன்னொரு பகுதி நாளை வாங்கப்போகும் பொருளுக்கான முன்பணம். சட்டையைத் தந்தாயிற்று. நாளைய பொருளை இன்னும் தரவில்லை. தராத பொருளுக்கு வாங்கிய பணத்தை வருவாய் என்று எழுதக் கூடாது, கடன் என்றுதான் எழுத வேண்டும்.

சர்வதேச அளவில் இதற்கான விதி IFRS 15. இது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் அதன் இணையான Ind AS 115, 2018 ஏப்ரல் 1 முதல் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கும் பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. கடன் பக்கத்தில் வரும் அந்தத் தொகைக்கு விதி தரும் பெயர் 'கான்ட்ராக்ட் லயபிலிட்டி'.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு துணிக்கடை, 100 ரூபாய்க்கு வாங்கினால் 5 பாயின்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாயின்ட்டுக்கு அடுத்த முறை ஒரு ரூபாய் தள்ளுபடி. ஓர் ஆண்டில் கடை 1 கோடி ரூபாய்க்கு விற்கிறது. 5 லட்சம் பாயின்ட் தருகிறது. பாயின்ட் வாங்கிய எல்லோரும் திரும்பி வரப்போவதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கல்யாணப் புடவை எடுத்துவிட்டுப் போவார், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வர மாட்டார். இன்னொருவர் எண்ணை மாற்றிக்கொண்டிருப்பார். இப்படிப் போனது போக, 80 சதவீதம், அதாவது 4 லட்சம் பாயின்ட் திரும்பி வரும் என்று கடை மதிப்பிடுகிறது.

இப்போது அந்த 1 கோடி ரூபாயைத் துணிக்கும் பாயின்ட்டுக்கும் பிரிக்க வேண்டும். துணியைத் தனியாக விற்றால் 1 கோடி. பாயின்ட்டைத் தனியாக மதிப்பிட்டால் 4 லட்சம். இரண்டும் சேர்ந்து 1 கோடியே 4 லட்சம் மதிப்புள்ளதைக் கடை 1 கோடிக்குத் தந்திருக்கிறது. இந்த விகிதத்தில் பிரித்தால் துணிக்கு 96,15,385 ரூபாயும் பாயின்ட்டுக்கு 3,84,615 ரூபாயும் சேரும். முதல் தொகை இந்த ஆண்டின் வருவாய். இரண்டாவது தொகை கடன் பக்கம் போய் உட்காரும்.

அந்தக் கடன் எப்படித் தீர்கிறது? அதே ஆண்டில் வாடிக்கையாளர்கள் 1,60,000 பாயின்ட்டைப் பயன்படுத்திவிட்டார்கள் என்றால், வரும் என்று எதிர்பார்த்த 4 லட்சத்தில் 40 சதவீதம் தீர்ந்துவிட்டது. ஆகவே 3,84,615 ரூபாயில் 40 சதவீதமான 1,53,846 ரூபாய் கடனிலிருந்து வருவாய்க்கு மாறும். மீதி 2,30,769 ரூபாய் அடுத்த ஆண்டுக்குக் கடனாகவே போகும்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. 5 லட்சம் பாயின்ட் தந்தும் கடை 4 லட்சத்தால்தான் வகுத்தது. யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று நினைத்த அந்த 1 லட்சம் பாயின்ட்டுக்குக் கடன் எழுதவே இல்லை. தொழிலில் இதை 'பிரேக்கேஜ்' என்கிறார்கள். காலாவதித் தேதி வரும் வரை கடை காத்திருந்து, செத்த பாயின்ட்டுகளை எண்ணி, அன்றைக்கு அதை வருவாயாக எடுப்பதில்லை. செத்துப்போகும் என்ற எதிர்பார்ப்பை முதல் நாளிலேயே கணக்கில் கலந்துவிடுகிறது. பிரேக்கேஜை நம்பகமாக மதிப்பிட முடியும் என்றால்தான் இதற்கு அனுமதி. பின்னால் பெரிய தொகையைத் திருப்பி எழுத நேராது என்ற உறுதி பெருமளவு இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்த உறுதி இல்லாத நிறுவனம், வாடிக்கையாளர் இனி வரவே மாட்டார் என்பது ஏறக்குறையத் தெளிவாகும் வரை கடனைக் கடனாகவே வைத்திருக்க வேண்டும்.

ஒரு சதவீதம் நகர்ந்தால்

ஆக, முழுக் கணக்கும் 80 சதவீதம் என்ற அந்த ஒரே மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. அது தப்பினால் என்ன ஆகும்?

நம் துணிக்கடையின் இரண்டாம் ஆண்டுக்கு வருவோம். முதல் ஆண்டுப் பாயின்ட்டுகளில் இதுவரை மொத்தம் 2,60,000 பயன்படுத்தப்பட்டுவிட்டன. கடை தன் தரவைப் பார்க்கிறது: மக்கள் நினைத்ததைவிட அதிகமாகத் திரும்பி வருகிறார்கள், இறுதியில் 90 சதவீதம், அதாவது 4,50,000 பாயின்ட் வந்துவிடும் போலிருக்கிறது. பழைய மதிப்பீட்டிலேயே இருந்திருந்தால் இதுவரை 2,50,000 ரூபாயை வருவாயாக எடுத்திருக்கலாம். புதிய மதிப்பீட்டில் 2,22,222 ரூபாய்தான் எடுக்க முடியும். இடையிலுள்ள 27,778 ரூபாய் இந்த ஆண்டின் வருவாயிலிருந்து குறைந்துவிடும். பாயின்ட்டுக்கு முதலில் ஒதுக்கிய 3,84,615 ரூபாய் மாறாது. அதை எத்தனை பாயின்ட்டுக்குப் பங்கிடுவது என்பதுதான் மாறுகிறது.

கனடாவில் நடந்தது இதன் பெரிய வடிவம். ஏர் மைல்ஸ் 1992இல் தொடங்கியது. அது ஒரு கடையின் திட்டம் அல்ல, பல நிறுவனங்களின் கூட்டுத் திட்டம். ஷெல் பெட்ரோல் நிலையத்தில் போட்டாலும், பேங்க் ஆஃப் மான்ட்ரியல் கிரெடிட் கார்டில் செலவழித்தாலும் ஒரே கணக்கில் மைல் சேரும். கனடாவின் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் தன்னிடம் கணக்கு வைத்திருப்பதாக நிறுவனம் சொல்லிவந்தது. ஒரு கடை மைல் வழங்கும்போது, அதற்கான பணத்தை அந்தக் கடை லாயல்டிஒன்னுக்குக் கட்டிவிடும். பிறகு வாடிக்கையாளர் அந்த மைலைக் கொண்டு விமான டிக்கெட்டோ பொருளோ கேட்டால், தர வேண்டிய பொறுப்பு லாயல்டிஒன்னுடையது. கேட்காத மைல்களுக்குக் கடைகள் கட்டிய பணம் லாயல்டிஒன்னுக்கே மிஞ்சும்.

2011இன் இறுதியில் நிறுவனம் ஐந்து ஆண்டு ஆயுளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு சேர்ந்த எல்லா மைல்களுக்கும் 2016 டிசம்பர் 31 கடைசி நாள். அதற்குப் பிறகு சேர்பவை ஒவ்வொன்றும் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டு வாழும். கணக்குப் புத்தகத்தில் பிரேக்கேஜ் 26 சதவீதம் என்று இருந்தது. 100 மைல் வழங்கினால் 74 மைல்தான் திரும்பி வரும் என்பது இதன் பொருள்.

கெடு நெருங்கிய 2016இல் வாடிக்கையாளர்கள் விழித்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் சேமித்ததை இழக்கப்போகிறோம் என்ற பதற்றத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மைல்களைச் செலவழிக்க வந்தார்கள். தொலைபேசியில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, இணையதளத்தில் விரும்பிய பொருள் கிடைக்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. விவகாரம் அரசியலுக்கும் போனது. தமிழர்கள் மிகுதியாக வாழும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டமன்றத்தில், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பாயின்ட்டுகளை ரத்து செய்யக் கூடாது என்ற மசோதா வந்தது. அது 2016 டிசம்பரிலேயே நிறைவேறியது. அதற்குச் சில நாள் முன்னதாகத்தான் லாயல்டிஒன் தானாகவே காலாவதி விதியை விலக்கிக்கொண்டது. கெடுவுக்குப் பயந்து தேவையில்லாத பொருள்களை அவசரமாக வாங்கிவிட்டவர்களுக்கு இது இன்னொரு கோபம்.

விதி போனதும் பிரேக்கேஜ் மதிப்பீடு 26 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. ஆறு சதவீதப் புள்ளி என்றால் சிறியதாகத்தான் தெரிகிறது. 100 மைலுக்கு 74 வரும் என்றது 80 ஆகிறது, அவ்வளவுதானே? ஆனால் அந்தக் கூடுதல் ஆறும் விழுவது ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட மைல்களின் மேல் அல்ல, மிச்சமிருக்கும் மைல்களின் மேல். உதாரணமாக, வழங்கிய 100இல் 60 மைலை மக்கள் முன்பே செலவழித்துவிட்டார்கள் என்று வைப்போம். பழைய மதிப்பீட்டின்படி இனி வரவேண்டியது 14. புதிய மதிப்பீட்டின்படி 20. கடன் 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. பல ஆண்டுகளாக வழங்கிக் குவிந்த மைல்களுக்கு இதைப் போட்டால் 24 கோடி டாலர் எப்படி வந்தது என்பது புரியும். அந்தப் பணம் அன்று புதிதாகத் தொலைந்ததல்ல. மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் முந்தைய ஆண்டுகளில் முன்கூட்டியே வருவாயாக எழுதப்பட்டது, இப்போது கடன் பக்கத்துக்குத் திரும்பி வந்தது.

வேகமாக வளரும் கடையின் பொய்க்கணக்கு

எத்தனை பாயின்ட் திரும்பி வரும் என்பதை எப்படி மதிப்பிடுகிறார்கள்? எளிமையாகத் தோன்றும் வழி, இதுவரை வழங்கியது எவ்வளவு, இதுவரை பயன்படுத்தப்பட்டது எவ்வளவு என்று எடுத்து வகுப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. வளரும் கடைகள்தான் அதில் அதிகம் விழும்.

மூன்று ஆண்டு ஆயுள் கொண்ட ஒரு பாயின்ட் திட்டத்தைப் பார்ப்போம். கடை நன்றாக வளர்கிறது, ஒவ்வோர் ஆண்டும் வழங்கும் பாயின்ட் இரட்டிப்பாகிறது. கணக்கு எளிதாக இருக்க, பாயின்ட்டுகள் ஆண்டின் தொடக்கத்தில் தரப்படுவதாக வைப்போம். 2024 முடிவில் நிலைமை இது. பயன்படுத்தியது என்பது அதுவரையிலான மொத்தம்.

| வழங்கிய ஆண்டு | வழங்கிய பாயின்ட் | முதல் ஆண்டு முடிவில் பயன்படுத்தியது | இரண்டாம் ஆண்டு முடிவில் | மூன்றாம் ஆண்டு முடிவில் |
|---|---|---|---|---|
| 2022 | 1,00,000 | 30,000 | 60,000 | 75,000 |
| 2023 | 2,00,000 | 60,000 | 1,20,000 | — |
| 2024 | 4,00,000 | 1,20,000 | — | — |

மொத்தம் வழங்கியது 7 லட்சம். மொத்தம் பயன்படுத்தியது 75,000, 1,20,000, 1,20,000 சேர்ந்து 3,15,000. வகுத்தால் 45 சதவீதம். "பாதிக்கு மேல் யாரும் பயன்படுத்துவதே இல்லை, பிரேக்கேஜ் 55 சதவீதம்" என்று மேலாளர் சந்தோஷப்படலாம். ஆனால் அட்டவணையைக் குறுக்காகப் படித்துப் பாருங்கள். ஆயுள் முழுவதும் முடிந்த ஒரே தொகுதி 2022. அதில் 75 சதவீதம் திரும்பி வந்திருக்கிறது. 2023, 2024 தொகுதிகளும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன, நேரம்தான் இன்னும் முடியவில்லை. 2024இல் கொடுத்த 4 லட்சம் பாயின்ட்டுக்கு இன்னும் இரண்டு ஆண்டு உயிர் இருக்கிறது. அதையும் செத்த கணக்கில் சேர்த்ததால்தான் 55 சதவீதம் வந்தது. உண்மையான பிரேக்கேஜ் 25 சதவீதம்.

45 சதவீதத்தை நம்பினால் விளைவு வேடிக்கையாக இருக்கும். 7 லட்சத்தில் 3,15,000தான் வரும், அது ஏற்கெனவே வந்தும்விட்டது, ஆகவே கடனே இல்லை என்று ஆகிவிடும். சரியான கணக்கில் 5,25,000 பாயின்ட் வர வேண்டும். அதாவது இன்னும் 2,10,000 பாயின்ட்டுக்கான பொருளைக் கடை தர வேண்டியிருக்கிறது.

சரியான முறை, ஒவ்வொரு தொகுதியையும் அது பிறந்த நாளிலிருந்து தனியாகப் பின்தொடர்வது. முதல் ஆண்டு முடிவில் 30 சதவீதமாக இருப்பது இரண்டாம் ஆண்டு முடிவில் 60 ஆகிறது, இரண்டு மடங்கு. அது மூன்றாம் ஆண்டு முடிவில் 75 ஆகிறது, ஒன்றேகால் மடங்கு. 2024 தொகுதியின் 1,20,000ஐ இரண்டால் பெருக்கி, பிறகு ஒன்றேகாலால் பெருக்கினால் 3 லட்சம் வரும். 4 லட்சத்தில் அது 75 சதவீதம். காப்பீட்டு நிறுவனங்களில், இன்னும் வந்து சேராத இழப்பீட்டுக் கோரிக்கைகளை மதிப்பிட ஆக்சுவரிகள் பல காலமாகப் பயன்படுத்தும் முக்கோண அட்டவணை இதுதான். பெரிய விமான நிறுவனங்களும் வங்கிகளும் பாயின்ட் கணக்குக்கு ஆக்சுவரிகளை வைத்துக்கொள்வதற்குக் காரணமும் இதுதான்.

ஆட்களை எண்ணுவதா, பாயின்ட்டை எண்ணுவதா?

இரண்டாவது பொறி சராசரியில் இருக்கிறது. ஒரு கடையில் 100 உறுப்பினர்கள். அதில் 20 பேர் மாதம் தவறாமல் வருபவர்கள், கடை வழங்கும் பாயின்ட்டில் 70 சதவீதம் இவர்களிடம் சேர்கிறது. மீதி 80 பேர் எப்போதாவது வருபவர்கள், 30 சதவீதம் அவர்களிடம். வழக்கமாக வருபவர்கள் தங்கள் பாயின்ட்டில் 95 சதவீதத்தைப் பயன்படுத்துகிறார்கள், மற்றவர்கள் 30 சதவீதத்தை. உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துச் சராசரி எடுத்தால் 43 சதவீதம். பாயின்ட் எண்ணிக்கையை வைத்து எடுத்தால் 75 சதவீதத்துக்குச் சற்றுமேல். கடன் பாயின்ட்டில்தான் இருக்கிறது, ஆட்களில் இல்லை. எனவே இரண்டாவதுதான் சரி. "உறுப்பினர்களில் பாதிப்பேர் பாயின்ட்டைத் தொடுவதே இல்லை" என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும், அதை வைத்துப் பாதிப் பாயின்ட் மிச்சம் என்று முடிவு கட்ட முடியாது.

இந்தக் கணக்குகளைப் போட வேண்டுமென்றால் கடையின் கணினியில் சரியான விவரம் இருக்க வேண்டும். பல இடங்களில் ஒவ்வொருவருக்கும் எத்தனை பாயின்ட் மீதி என்ற ஒரே எண்தான் பதிவாகிறது. அதில் எந்தப் பாயின்ட் எப்போது பிறந்தது என்று தெரியாது. தெரியாவிட்டால் மேலே போட்ட முக்கோணத்தைப் போடவே முடியாது. ஒவ்வொரு பாயின்ட் வரவுக்கும் பில் எண், தேதி, காலாவதி நாள் வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் அது எந்த வரவிலிருந்து கழிந்தது என்ற குறிப்பு வேண்டும். வழக்கமாகப் பழைய பாயின்ட்டை முதலில் கழிப்பார்கள். வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான பாயின்ட்டும் திரும்பப் போக வேண்டும். அந்தத் திரும்பலை 'பயன்படுத்தியது' என்ற பத்தியில் எழுதிவிட்டால் விகிதம் பொய்யாக உயரும், 'காலாவதி' பத்தியில் எழுதினால் பொய்யாகக் குறையும். பிறந்தநாள் போனஸாகப் பதினைந்து நாள் ஆயுளோடு தரும் பாயின்ட்டுகளைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி செத்துவிடும். அதைக் கலந்துவிட்டால், பணம் கொடுத்துச் சேர்த்த பாயின்ட்டுகளும் அப்படியே சாகும் என்ற பொய்த் தோற்றம் வரும்.

மூன்றாவது பொறியைத் தரவால் மட்டும் தவிர்க்க முடியாது. பழைய எண்கள் எல்லாம் பழைய விதிகளில் பிறந்தவை. குறைந்தபட்சம் 500 பாயின்ட் சேர்ந்தால்தான் பயன்படுத்தலாம் என்றிருந்த கடை அதை 100 ஆக்கினால், சில்லறைப் பாயின்ட்டுகள் எல்லாம் உயிர்த்தெழும். "உங்கள் பாயின்ட் இந்த மாதம் முடிகிறது" என்று எஸ்எம்எஸ் அனுப்பத் தொடங்கினால் பிரேக்கேஜ் இறங்கும். பில் போடும் இடத்திலேயே பாயின்ட்டைக் கழிக்க வசதி செய்தால் இன்னும் இறங்கும். ஏர் மைல்ஸ் விஷயத்தில் காலாவதி விதியே மக்களை ஓடிவரச் செய்தது. சேமிப்பைச் சாகடிப்பதற்காகப் போட்ட கெடு, மறந்துபோன சேமிப்பை ஞாபகப்படுத்தும் மணியாகவும் ஆனது.

மதிப்பீடு நேர்மையானதுதானா என்று கண்டுபிடிக்கத் தணிக்கையாளர்களுக்கு ஒரு நேரடியான சோதனை இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன்பு நிறுவனம் எழுதிய மதிப்பீட்டை எடுத்து, அந்தத் தொகுதிக்குக் கடைசியில் நடந்ததோடு ஒப்பிடுவது. எல்லா மதிப்பீடும் சற்றுத் தப்பும். தப்புவது ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக இருந்தால் அது சாதாரணம். ஒவ்வோர் ஆண்டும் பிரேக்கேஜை அதிகமாகவே காட்டியிருந்தால், யாரோ லாபத்தை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பனை மந்தமான காலாண்டில் பிரேக்கேஜ் மதிப்பீடு திடீரென்று உயர்ந்தாலும் அதே சந்தேகம்தான். ஒரு சரக்கும் விற்காமல், ஓர் எண்ணைத் திருத்தி லாபம் காட்ட உதவும் இடம் இது.

சட்டம் தொடாத இடம்

ஒன்டாரியோவின் சட்டம் பாயின்ட்டின் ஆயுளைக் காப்பாற்றியது. அதன் மதிப்பைக் காப்பாற்றவில்லை. பாயின்ட் கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே இருக்கிறது. வங்கியில் போட்ட ஆயிரம் ரூபாய், ரூபாயிலேயே திரும்பி வரும். பாயின்ட் கடனோ, கடனாளியே அச்சடிக்கும் நாணயத்தில் இருக்கிறது. 10,000 பாயின்ட்டுக்குக் கிடைத்த டிக்கெட்டுக்கு நாளை 14,000 பாயின்ட் வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், ஒரு பாயின்ட்கூடக் காலாவதியாகாமல் கடன் சுருங்கிவிடுகிறது. காலாவதி தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுவனங்களுக்குத் திறந்திருக்கும் வழி இது. பெரும்பாலான திட்டங்களின் நிபந்தனைகளில், எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமையை நிறுவனம் தனக்கு வைத்துக்கொள்கிறது.

நிறுவனமே தள்ளாடினால்? 2001 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் விமான நிறுவனம் முடங்கியபோது, அதில் மக்கள் சேர்த்த பாயின்ட்டுகள் மதிப்பிழந்தன. ஏர் மைல்ஸ் வாடிக்கையாளர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பெரிய கூட்டாளிகள் விலக, லாயல்டிஒன் 2023 மார்ச்சில் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. பேங்க் ஆஃப் மான்ட்ரியல் அந்தத் திட்டத்தை வாங்கியதால் மைல்கள் பிழைத்தன. வாங்க ஆள் வராமல் போயிருந்தால், மைல் வைத்திருந்தவர்கள் எந்த அடமானமும் இல்லாத கடன்காரர்களின் வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த வரிசைக்கு முன்னால் வங்கிகள் நிற்கும்.

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்தும் பார்க்கலாம். பங்குச் சந்தை நிறுவனங்களின் ஆண்டறிக்கை இணையத்தில் கிடைக்கும். அதன் கணக்குக் குறிப்புகளில் Contract liabilities என்ற தலைப்பைத் தேடுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த தொகை, முடிவில் இருக்கும் தொகை, தொடக்கத் தொகையிலிருந்து இந்த ஆண்டு வருவாய்க்கு மாறியது எவ்வளவு என்பவற்றை விதி கேட்கிறது. பாயின்ட்டுகளுக்கானது அதில் தனியாகவோ மற்ற முன்பணங்களோடு சேர்ந்தோ இருக்கும். விற்பனை அளவும் பாயின்ட் விதிகளும் மாறாமல் இருக்க இந்தக் கடன் மட்டும் இறங்கினால், பிரேக்கேஜ் மதிப்பீட்டில் என்ன மாற்றினார்கள் என்று முதலீட்டாளர் கேட்கலாம்.

வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கு சொல்வது எளியது. வட்டி தராத, அடமானம் இல்லாத, மதிப்பை மாற்றும் உரிமை கடனாளியிடமே இருக்கிற ஒரு கடனை நீங்கள் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கடனைப் பெரிய தொகையாகச் சேரவிடுவதில் லாபம் இல்லை. காலாவதி, சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறதா அல்லது கடைசியாகக் கார்டைப் பயன்படுத்திய நாளிலிருந்து ஓடுகிறதா என்று நிபந்தனையில் பாருங்கள். இரண்டாவது வகையென்றால் ஒரு சின்னக் கொள்முதல்கூட எல்லாப் பாயின்ட்டின் ஆயுளையும் நீட்டிவிடும். முதல் வகையென்றால் எதுவும் நீட்டாது. "பாயின்ட்டை இப்போ கழிச்சுக்கவா, சேர்த்து வெக்கவா?" என்று பில் போடுபவர் கேட்டால், கழிக்கச் சொல்லுங்கள். சேர்த்து வைக்கும் ஒவ்வொரு பாயின்ட்டிலும், நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்பதற்கு ஒரு சதவீதம் போட்டு அந்தக் கடை ஏற்கெனவே வருவாய் எழுதிவிட்டது.